பேத்தி போட்ட பொங்கல் மேசை

ஆஸ்திரேலியாவில் தை முதல் நாள் எப்போதும் பள்ளி விடுமுறைக்குள்தான் வரும். அங்கே அது நடுக்கோடை. டிசம்பர் மூன்றாம் வாரம் மூடுகிற பள்ளிகள் ஜனவரிக் கடைசியில்தான் திறக்கும். ஆகவே தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் பொங்கல் வைத்தாலும், சங்கத்து விழாவுக்குப் போனாலும், கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாள் வந்துபோனதே தெரியாது. அதைச் சொல்வதற்கு அவர்களுக்குக் கிடைக்கிற வாய்ப்பு மார்ச் 21. அன்று ‘ஹார்மனி டே’ என்று 1999 முதல் அங்குள்ள பள்ளிகளில் நடத்துகிறார்கள். பிள்ளைகள் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். விருப்பப்பட்டவர்கள் ஆளுக்கொரு மேசை போட்டுத் தங்கள் வீட்டுப் பண்டிகையையோ உணவையோ உடையையோ மற்றவர்களுக்கு விளக்கலாம்.

நம் இதழைப் படிக்கிற உழவர் பலருக்கும் மகனோ மகளோ கடல் தாண்டி இருக்கிறார்கள். “பொங்கலைப் பத்தி ஸ்கூல்ல சொல்லணுமாம், என்ன வைக்கலாம்?” என்று கேட்டு வீடியோ அழைப்பு வந்திருக்கும், அல்லது இனிமேல் வரும். சிட்னியின் மேற்குப் புறநகரில் இருக்கும் என் மகன் வீட்டில், அறுவடை முடித்த கையோடு போய் மூன்று மாதம் இருந்தேன். நாலாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு அந்த மேசையைப் போட உதவினேன். ஒரு சாண் மண்கூட எடுத்துப் போக முடியாத இடத்தில் நெல் அறுவடையை எப்படிக் காட்டினோம் என்பதை எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

முதலில், எதெல்லாம் முடியாது என்று பார்த்துவிடலாம். நெல், அரிசி, கரும்பு, இலையோடு மஞ்சள் கொத்து, வைக்கோல் எதையும் நம் ஊரிலிருந்து கொண்டுபோக முடியாது. விமானத்தில் கொடுக்கிற அட்டையிலேயே விதை, தானியம், செடி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கும். மறைத்தால் பெரிய அபராதம். மருமகள் ஒரு மாதம் முன்னாலேயே, “மாமா, பாசத்துல ஒரு கதிரக்கூடப் பெட்டிக்குள்ள போட்டுறாதீங்க” என்று சொல்லிவிட்டாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நம் பக்கத்துக் கிடங்குகளில் தானியத்தை மாவாக்கும் கப்ரா வண்டு அந்த நாட்டில் இன்னும் நிலைகொள்ளவில்லை. ஒரு பயணி கையில் கொண்டுபோகும் ஒரு படி அரிசியில் அது போய் இறங்கினால் பிறகு விரட்டுவது லேசில்லை. உழவன் என்ற முறையில் அந்தக் காவல் சரி என்றுதான் எனக்குப் பட்டது.

அடுத்தது பள்ளிக்கூடத்துக் கட்டுப்பாடுகள். வந்த கடிதத்தில் நெருப்பு கூடாது, எந்தக் கொட்டைப் பருப்பும் கூடாது, ஒருவர் கொண்டுவந்த உணவை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. சில பிள்ளைகளுக்கு நிலக்கடலையோ முந்திரியோ வாயில் பட்டாலே மூச்சு முட்டும் என்பதால் அங்கே இதில் மிகக் கண்டிப்பு. ஆக, அடுப்பு கிடையாது, பானை பொங்காது, முந்திரி போட்ட சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டி கொடுக்கவும் வழியில்லை. பொங்கல் என்றால் நமக்கு எது எது நினைவுக்கு வருமோ அதில் முக்கால்வாசி போய்விட்டது.

மேசையும் சின்னது. நாலடிக்கு இரண்டடி. ஒவ்வொரு வகுப்பும் சுற்றி வரும்போது ஒரு மேசைக்கு ஐந்து நிமிடம்.

முந்தைய ஆண்டு பேத்தி ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, பட்டுப்பாவாடை, அட்டையில் வரைந்த பானை, வண்ணக் கோலப்பொடி வைத்திருக்கிறாள். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கிறது, படம் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த தாளில் ‘இந்தியாவின் அறுவடைத் திருவிழா’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒரு பையன் வந்து, “அறுவடைன்னா, என்னத்த அறுக்கிறீங்க?” என்று கேட்டானாம். இவள் ‘ரைஸ்’ என்றாளாம். “ரைஸ் மரத்துல காய்க்குமா?” என்று அடுத்த கேள்வி. இவளுக்கும் தெரியவில்லை. அதைச் சொன்னபோது குழந்தை முகம் ஒரு மாதிரி ஆனது. காவிரிக் கரையில் நாலு தலைமுறையாக நெல் போட்ட குடும்பத்துப் பிள்ளை. இந்த ஆண்டு மேசை அந்தப் பையனுடைய கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டோம்.

‘இந்தியாவின் அறுவடைத் திருவிழா’ என்ற தலைப்பை முதலில் எடுத்தோம். பக்கத்து மேசையில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்துப் பெண் லோரி வைக்கப் போவதாகத் தெரிந்தது. அதுவும் ஜனவரி நடுவில்தான் வருகிறது. ஆனால் அப்போது பஞ்சாபில் கோதுமை பச்சையாக வயலில் நிற்கும். அவர்களுடைய கோதுமை அறுவடை ஏப்ரலில், வைசாகியோடு. கேரளத்து ஓணம் ஆவணியில். ஒரே நாட்டில் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒவ்வொரு பயிருக்கும் ஒரு நாள் இருக்கும்போது ‘இந்தியாவின்’ என்று ஒரு சொல்லில் மூடினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. ‘காவிரி ஆற்றங்கரையில் சம்பா நெல் அறுக்கும் நாள்’ என்று எழுதினோம். மருமகளுக்கு முதலில் கொஞ்சம் தயக்கம். “அங்க யாருக்கு மாமா காவிரி தெரியும்?” என்றாள். தெரியாத பெயரைப் பார்த்தால்தானே ஒரு குழந்தை நின்று கேட்கும் என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நெல்லும் கதிரும் இல்லாமல் நெற்பயிரை எப்படிக் காட்டுவது?

அங்கேயே நெல் விளைகிறது. சிட்னிக்கு மேற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் ரிவரைனா என்ற சமவெளி. முர்ரம்பிட்ஜி, முர்ரே என்ற ஆறுகளின் பாசனம். லீட்டன், டெனிலிக்வின் போன்ற ஊர்களைச் சுற்றி நெல்வயல்கள். அந்த அரிசி உமி மட்டும் நீக்கிய பழுப்பு அரிசியாகவும், தீட்டிய வெள்ளை அரிசியாகவும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பழுப்பு அரிசியில் அந்த நாட்டிலேயே விளைந்தது என்று உறையில் போட்டிருந்த ஒரு கிலோ பையைப் பார்த்து வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து வருகிற அரிசியைச் சமைத்துச் சாப்பிடத்தான் விடுகிறார்கள், விதைக்க அல்ல. நான் வாங்கியது விதைக்க.

அரிசி முளைக்குமா என்று நம்மில் சிலரே கேட்கலாம். உமி போனாலும் முளைக்கரு அடிபடாமல் இருந்தால் முளைக்கும். பழுப்பு அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் ஒரு முனையில் ஓரமாகச் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். அதுதான் கரு. ஆலையில் உமி உரிக்கும்போது சிலவற்றில் அது பெயர்ந்துபோய் அந்த இடம் குழியாக இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு, கரு முழுசாக இருக்கும் நூறு மணிகளைப் பேத்தி பொறுக்கினாள். கூடவே நூறு வெள்ளை அரிசியும் எண்ணி வைத்தாள். இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் பரப்பி மூடினோம்.

இதில் கவனிக்க வேண்டியது பூஞ்சணம். விதைநெல்லுக்கு உமி கவசம் மாதிரி. மூட்டை கட்டி மூன்றாம் கொம்பு போட்டால் சூட்டில் தானாக முளை கட்டும். உரித்த அரிசிக்கு அந்தக் கவசம் இல்லை. ஈரம் கொஞ்சம் கூடினாலும் ஒரே நாளில் வெண்பஞ்சு மாதிரி படர்ந்துவிடும். காலையும் மாலையும் நல்ல தண்ணீரில் அலசி, வழவழப்பாக ஆன மணிகளை எடுத்து எறிய வேண்டும். மூன்றாம் நாள் பழுப்பு அரிசியில் வெள்ளை முனை எட்டிப் பார்த்தது. நூற்றில் முப்பத்தெட்டு முளைத்தது. வெள்ளை அரிசித் தட்டில் ஒன்றுகூட இல்லை, புளித்த வாடைதான் வந்தது. தீட்டும்போது தவிட்டோடு கருவும் போய்விடுகிறது, முளைக்க என்ன இருக்கிறது? பேத்தி இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்போ நாம டெய்லி சாப்பிடறது செத்த அரிசியா தாத்தா?” என்றாள். மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஒன்றும் பேசவில்லை.

முளைத்ததை ஒரு பிளாஸ்டிக் தட்டில் இரண்டு விரற்கடை மண் போட்டு ஊன்றினோம். ஊன்றியவுடன் தண்ணீர் தேக்கக் கூடாது, அழுகிவிடும். ஒரு விரல் உயரம் வந்த பிறகுதான் மண்ணுக்கு மேல் மெல்லிசாக நீர் நிறுத்தினோம். முப்பத்தெட்டில் இருபத்தொன்று நாற்றாக நின்றது. பிப்ரவரிக் கடைசி வெயிலில் இருபது நாளில் ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. செய்ய நினைப்பவர்கள் மேசை நாளுக்கு இருபத்தைந்து நாள் முன்னால் அரிசியை ஊறப்போட்டால் கணக்காக இருக்கும். எல்லாக் கடை அரிசியும் முளைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சூடேற்றிப் பதப்படுத்திய அரிசி, புழுங்கல், ரொம்பப் பழையது எதுவும் தேறாது. ஒரு பிடி ஊறவைத்துச் சோதித்த பிறகு தொடங்குவது நல்லது.

அடுத்தது கதிர். நெல்மணி இல்லாததால் கருப்பு அட்டையில் ஒரு கதிரை அதன் உண்மை அளவிலேயே வரைந்து, கிளைக்குக் கிளை பழுப்பு அரிசியைப் பசையால் ஒட்டினோம். மொத்தம் 120 மணி. என் வயலில் ஒரு நல்ல மாப்பிள்ளைச் சம்பாக் கதிரில் அவ்வளவு எண்ணியிருக்கிறேன். ஒட்ட இரண்டு சாயங்காலம் பிடித்தது. ‘உமி உரித்த மணிகள், உண்மையான கதிரில் உமி இருக்கும்’ என்று கீழே எழுதச் சொன்னேன்.

கதிர் ஒட்டும்போதுதான் பேத்தி கேட்டாள், “ஒருத்தர் சாப்பிட எத்தன கதிர் வேணும்?” வங்கியில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்தவனிடம் கணக்குக் கேட்டால் விடுவேனா? சமையல் தராசில் ஐந்து கிராம் அரிசியை நிறுத்து எண்ணச் சொன்னேன். 230 மணி இருந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு கிண்ணம் பொங்கலுக்கு ஐம்பது கிராம் அரிசி வேண்டும் என்று வைத்தால் 2,300 மணி. கதிருக்கு 120 என்றால் பத்தொன்பது, இருபது கதிர். குத்துக்குப் பத்துக் கதிர் என்றால் இரண்டு குத்து நெல். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு குத்து என்றதும் குழந்தைக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அவள் வகுப்பில் இருபத்தாறு பேர். அப்படியானால் ஐம்பத்திரண்டு குத்து. இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் பதினாறு குத்து நிற்கும். ஆக, மூன்றேகால் சதுர மீட்டர்.

இது காகிதக் கணக்கு. கடன் கேட்டு வருகிற திட்ட அறிக்கைகளில் இப்படித்தான் இருக்கும். எல்லாக் குத்தும் பிழைத்து, எல்லாக் கதிரும் நிறைந்து, எலியும் குருவியும் விரதம் இருக்கும் வயல். என் வயலில் மாப்பிள்ளைச் சம்பா ஏக்கருக்குப் பதினெட்டு மூட்டை கண்டால் நல்ல வருஷம். மூட்டைக்கு அறுபது கிலோ என்றால் 1,080 கிலோ நெல். உமி, நொய் போக நூற்றுக்கு எழுபத்தைந்து அரிசி என்று வைத்துக்கொண்டால் 810 கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு இருநூறு கிராம்தான் வருகிறது. இருபத்தாறு பிள்ளைகளுக்கு வேண்டிய ஒரு கிலோ முந்நூறு கிராம் அரிசிக்கு ஆறரைச் சதுர மீட்டர் வேண்டும், காகிதக் கணக்கைப் போல் சரியாக இரண்டு மடங்கு. நம் கணக்கில் சொன்னால் ஒரு சென்ட்டில் ஆறில் ஒரு பங்கு.

இதைத்தான் மேசையின் நடுப் பொருளாக வைத்தோம், ஆனால் மேசை மேலே அல்ல. மேசைக்கு முன்னால் தரையில் ஆரஞ்சு நிற ஒட்டு நாடாவால் இரண்டு கட்டம் போட்டோம். உள்ளே ஒன்று, பக்கத்துக்கு 1.8 மீட்டர். அதைச் சுற்றி வெளியே ஒன்று, 2.6-க்கு 2.5 மீட்டர். உள் கட்டத்தில் ‘எல்லா நெல்லும் நமக்கே கிடைத்தால்’ என்றும், இரண்டுக்கும் நடுவில் ‘பதர், எலி, பறவை, பூச்சி, காற்று, வராத மழை’ என்றும் சீட்டு ஒட்டினாள் பேத்தி. ஒரு வகுப்பு வந்ததும் எல்லோரையும் வெளிக் கட்டத்துக்குள் நிற்கச் சொல்வாள். இருபத்தாறு பேர் அதில் கொஞ்சம் நெருக்கித்தான் நிற்க முடியும். “நீங்க நிக்கிற இடம் முழுக்க அஞ்சு மாசம் நெல் நின்னாத்தான் உங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு கிண்ணம், ஒரே ஒரு வேளை” என்பாள். பிள்ளைகள் குனிந்து காலடியைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் மற்றதை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள் என்று அவர்களுடைய ஆசிரியையே சொன்னார்.

மேசையின் பின்பக்கம் ஒரு நீளத் தாள். அதில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம், இரண்டு வரிசை. மேல் வரிசை காவிரிப் படுகை. ஆவணியில் நாற்றங்கால், புரட்டாசியில் நடவு, கார்த்திகையில் பூ, தையில் அறுவடை. ஏன் தை என்பதற்கும் அங்கேயே ஒரு வரி. பழைய சம்பா ரகங்கள் நாள் எண்ணிப் பூப்பதில்லை, பொழுது பார்த்துப் பூக்கும். ஐப்பசியில் பகல் சுருங்கிவரும்போது தண்டுக்குள் கதிர் கருக்கட்டும். நம் அட்சரேகையில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம் போலத்தான் வித்தியாசம். அந்தச் சின்ன மாற்றமே பயிருக்குப் போதும். அதனால் ஆடிக் கடைசியில் விதைத்தவர் வயலும், பதினைந்து இருபது நாள் தள்ளி விதைத்தவர் வயலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அறுப்புக்கு வரும். ஊர் முழுவதும் ஒரே நாளில் பானை வைக்க முடிந்ததில் அந்த நெல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். குறுவைக்கு இந்த மாதிரிப் பொதுவான பண்டிகை ஏன் இல்லை என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அது தண்ணீர் வந்த நாளைப் பொறுத்து, ரகத்தின் வயதைப் பொறுத்து, ஆளுக்கொரு தேதியில் அறுப்புக்கு வருகிற பயிர்.

கீழ் வரிசை ரிவரைனா. அக்டோபர், நவம்பரில் விதைப்பு, மார்ச் முதல் மே வரை அறுவடை. பூமியின் அடுத்த பாதி என்பதால் பருவம் தலைகீழ். இரண்டு வரிசையையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்ததும் பேத்திக்கே ஆச்சரியம். மார்ச் 21 அன்று அவர்கள் நின்றிருந்த அதே மாநிலத்தில் நெல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ‘இன்று இங்கே அறுவடை’ என்று அந்தக் கட்டத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.

பானை பொங்குவதை எப்படிக் காட்டுவது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு. சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் நுரை பொங்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று மகன் சொன்னான். பிடிக்கும்தான். ஆனால் வீட்டுக்குப் போய் ‘எரிமலை பார்த்தேன்’ என்பார்கள். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் வெண்கலப் பானையில் பால் வைத்து, பத்து வினாடிக்கு ஒன்றாக மகன் எடுத்த படங்களில் ஐந்தை அச்சடித்து வரிசையாக ஒட்டினோம். பாலின் மேல் ஆடை படியும், ஆவி வெளியே வர வழியில்லாமல் அந்த ஆடையைத் தூக்கும், விளிம்பு தாண்டியதும் வழியும். ஐந்து படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. புது அரிசி ஏன் பொங்கலாகிறது என்பதற்கும் ஒரு வரி எழுதினோம். அறுத்த சூட்டில் குத்திய அரிசி குழைந்து ஒட்டும், உதிரியாக வடிக்க வராது. குழைய வேண்டிய அரிசியைக் குழைய விட்டுச் சாப்பிடுகிற பண்டம் அது.

இரண்டு மேசை தள்ளிக் கொரியக் குடும்பம் ஒன்று சூசொக் பண்டிகைக்குச் செய்யும் சோங்பியோன் என்ற கொழுக்கட்டையின் படங்களை வைத்திருந்தார்கள். அதுவும் புது அரிசியில் செய்வது. அந்தப் பையன் வந்து எங்கள் பானைப் படங்களைப் பார்த்துவிட்டுப் பேத்தியை இழுத்துக்கொண்டு போய் அவன் மேசையைக் காட்டினான். கரும்பு பற்றியும் சொல்ல வேண்டும். குயின்ஸ்லாந்தில் கரும்பு விளைகிறது, ஆனால் மார்ச்சில் அங்கே வெட்டு இல்லை, ஜூனில்தான் தொடங்கும். அதனால் கரும்பை விட்டுவிட்டோம். மஞ்சள் கிழங்கு கடையில் கிடைத்தது, ஒன்று வைத்தோம். மாட்டுக்கு ஒரு படம். அவ்வளவுதான்.

அன்று கேட்ட கேள்விகளில் பெரும்பாலும் நாங்கள் எதிர்பார்த்தவை. நாற்றைத் தொட்டுப் பார்க்கலாமா, புல்லும் இதுவும் ஒன்றா, மாடு இன்னும் உழுகிறதா? என் வயலில் உழுவது டிராக்டர், அறுப்பது பெரும்பாலும் இயந்திரம் என்று அப்படியே சொல்லச் சொல்லியிருந்தேன். பழங்காலத்துப் படம் காட்டி இன்றைக்கும் அப்படித்தான் என்று நம்ப வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி சீட்டில் இருந்த ‘வராத மழை’ என்பதைக் காட்டி, “பயிர் போயிட்டா அந்த வருஷம் பண்டிகை உண்டா, இல்லையா?” என்று கேட்டாள். அதற்கு அட்டை எதுவும் எழுதி வைக்கவில்லை. நான் சுவரோரம் மற்றப் பெற்றோர்களோடு உட்கார்ந்திருந்தேன். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தானே நாற்றுத் தட்டைக் கையில் எடுத்தாள். 2021 பொங்கலின்போது விடாமல் பெய்த மழையில் டெல்டாவில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்ததை அவளுக்கு நான் நாற்று ஊன்றும்போது சொல்லியிருந்தேன். என் மூன்று ஏக்கரும் அதில் போனது. மாப்பிள்ளைச் சம்பா உயரமான ரகம், கதிர் பாரத்தோடு படுத்தால் எழாது. நாலாம் நாள் வரப்பில் நின்று பார்த்தால் கதிரிலேயே பச்சை முளை. “மணி முளைச்சா நாத்து. கதிர்லயே முளைச்சா சாப்பாடு போச்சு. எங்க தாத்தா வயல்ல இப்பிடித்தான் ஆச்சு, ஆனா கதிர்ல” என்று தட்டைக் காட்டினாள், ஆங்கிலத்தில்தான். “அந்த வருஷம் பொங்கல் வச்சாங்களா?” என்று அந்தப் பெண் விடவில்லை. “வச்சாங்க. பழைய அரிசில. ஆனா ‘பொங்கலோ பொங்கல்’னு யாரும் கத்தலயாம்.” அது நான் சொன்னதுதான். ஆனால் அவள் வாயில் கேட்டபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது.

மழையே இல்லாமலும் போகும். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் பொங்கலுக்கு நாலு நாள் முன்பு தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்த ஆண்டை நாம் மறக்கவில்லை. அந்த நாட்டு நெல்லுக்கும் இதே கதை உண்டு. பத்து லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த ஆண்டுகள் இருந்த இடத்தில், தொடர் வறட்சியில் அணைகள் வற்றிப் பாசனப் பங்கீடு கிடைக்காமல் 2008 அறுவடை இருபதாயிரம் டன்னைக்கூடத் தொடவில்லை. இதைப் பள்ளியில் சொல்லவில்லை, ஐந்து நிமிடத்தில் இடம் இல்லை. ஆசிரியையிடம் பிறகு பேசும்போது சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

மேசையைக் கலைக்கும்போது நாற்றுத் தட்டை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். வடக்குப் பார்த்த ஜன்னலில் வைக்கச் சொன்னேன், அங்கே வெயில் வடக்கிலிருந்துதான் வரும். ஏப்ரலுக்குப் பிறகு குளிரில் வளர்ச்சி நின்றுவிடும், ஜூனில் மஞ்சளாகிச் சாகும், அது யார் குற்றமும் இல்லை என்பதையும் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடச் சொன்னேன். ஒட்டு நாடாக் கட்டத்தை அவர்கள் பிய்க்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பேத்தியைக் கூப்பிடப் போனபோதும் தரையில் இருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் சில பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்துதான் டப்பாவைத் திறக்கிறார்களாம். அக்டோபரில் மறுபடியும் அரிசி ஊறப்போட வேண்டும், இந்தத் தடவை வாளியில் கதிர் வரைக்கும் கொண்டுபோகலாம் என்று அவள் என்னிடம் தேதி வாங்கி வைத்திருக்கிறாள். பத்து லிட்டர் வாளி, முக்கால்வாசி மண், நாலு விரற்கடை தண்ணீர், வாளிக்கு மூன்று நாற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.